முழுப் பக்கம் எடுத்தேன், படத்தைக் காணோம்: ஐபேட் ஸ்கிரீன்ஷாட் பிடிஎஃப் ஆகிவிடும்போது

"அண்ணா, ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஆனால் படம் எங்குமே இல்லை" என்று ஐபேடை நீட்டினார், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். இணையவழிப் பயிற்சி ஒன்றை முடித்திருந்தார். முடித்த பாடங்களின் பட்டியல் ஒரே பக்கத்தில் கீழே கீழே நீண்டுகொண்டே போனது. அதைப் படமாக எடுத்து ஒரு படிவத்தில் இணைக்க வேண்டும். படிவமோ ஜேபெக், பிஎன்ஜி இரண்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. அவர் முறையாகத்தான் எடுத்திருந்தார். பக்கம் முழுதும் பதிவாகியும் இருந்தது. ஆனால் அது படமாக இல்லாமல் பிடிஎஃப் ஆவணமாகப் போய் உட்கார்ந்திருந்தது.

இந்தச் சிக்கலோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொல்வதில்லை. ஒருவருக்குப் படம் காணவில்லை, இன்னொருவருக்கு `Full Page` என்ற தாவலே வரவில்லை, மற்றொருவருக்கு மாற்றிய படம் நூல் மாதிரி மெலிந்துவிட்டது. ஆகவே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். காரணத்தை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்; மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஏன் ஆவணமாகிறது

ஐபேடில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நொடியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, திரையில் அப்போது தெரிவதை ஐபேட் அப்படியே படம் பிடிக்கிறது. இது புள்ளிகளால் ஆன சாதாரணப் படம். இரண்டாவது, முன்னால் திறந்திருக்கும் செயலியிடம் "திரைக்கு வெளியே இன்னும் ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்று கேட்கிறது. வைத்திருக்கும் செயலி அதை எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும் ஐபேட்தான் விதித்திருக்கிறது: பிடிஎஃப். 2019-இல் ஐபேட் ஓஎஸ் 13 வந்தபோது செயலி எழுதுகிறவர்களுக்குத் தரப்பட்ட இந்த வசதியின் பெயர் `UIScreenshotServiceDelegate`. முழுப் பக்கத்தைக் கேட்கும் அதன் ஒரே கேள்வி, பிடிஎஃப் உருவாக்கித் தா என்பதுதான்.

அதனால் சஃபாரி உங்கள் பக்கத்தை மேலிருந்து கீழாக உருட்டி உருட்டிப் படமெடுத்து ஒட்டுவதில்லை. முழு நீளத்தையும் ஒரே தாளில் அச்சடிப்பது போல வரைந்து கொடுக்கிறது. எழுத்து எழுத்தாகவே அதில் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதறாது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் வழி வேறு. அங்கே `Capture more` என்று திரையை நீட்டி எடுத்தால் கிடைப்பது நேரடியாகப் படமே. அங்கிருந்து ஐபேடுக்கு மாறியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

2023-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 17-இலிருந்து முழுப் பக்கத்தைப் படமாகவும் சேமிக்கலாம். ஆனால் செயலி கொடுப்பது இன்றும் பிடிஎஃப்தான். கடைசிக் கட்டத்தில் ஐபேட் அதைப் படமாக மாற்றித் தருகிறது.

உங்களுடையது எந்தப் பதிப்பு என்று `Settings` › `General` › `About` பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 17-ஆ, அதற்கு மேலா, கீழா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அறிகுறி: எடுத்தது `Photos`-இல் இல்லை

பெரும்பாலும் அது `Files` செயலியில் இருக்கும். சேமிக்கும்போது `Save PDF to Files` என்று தொட்டு, அடுத்து வந்த கோப்புறைப் பட்டியலைப் பார்க்காமலே `Save` கொடுத்திருப்பீர்கள். அந்தப் பட்டியல் கடைசியாக நீங்கள் பயன்படுத்திய கோப்புறையில் திறந்திருக்கக்கூடும். அதனால் கோப்பு எங்கே போயிற்று என்று நினைவிலிருந்து சொல்வது கடினம். `Files`-ஐத் திறந்து `Recents`-ஐத் தொடுங்கள். கோப்புறையைத் தேடி அலைவதைவிட அது விரைவு.

அங்கேயும் இல்லையென்றால் வேறொன்று நடந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் மூலையில் வந்த சிறுபடத்தைத் தொடாமல் விட்டிருப்பீர்கள். விட்டால் திரையில் தெரிந்த பகுதி மட்டும் `Photos`-இல் சேர்ந்துவிடும், முழுப் பக்கம் அந்த நிமிடத்தோடு போய்விடும். `Photos`-இல் சேர்ந்த படத்தைப் பிறகு திறந்து `Full Page` தேடுவதில் பயனில்லை. செயலி கொடுத்த பிடிஎஃப் அந்தப் படத்தோடு சேர்ந்து வருவதில்லை. பக்கத்தைத் திறந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

சிறுபடம் சில நொடிகளில் மறைந்துவிடுகிறது, கை எட்டுவதற்குள் போய்விடுகிறது என்பவர்களுக்கு: விசைப்பலகை இணைத்திருந்தால் கமாண்ட், ஷிஃப்ட், 4 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சிறுபடமாக நிற்காமல் நேரே திருத்தும் திரையே திறக்கும். எனக்கு இதுதான் பழக்கம். இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தி, திரையை அணைத்துவிட்டு அசடு வழிவதிலிருந்து தப்பலாம்.

அறிகுறி: `Full Page` தாவலே வரவில்லை

திருத்தும் திரையின் மேலே `Screen`, `Full Page` என இரண்டு தாவல்கள் இருக்க வேண்டும். இரண்டாவது வரவில்லை என்றால், முன்னால் இருந்த செயலி பிடிஎஃப் கொடுக்கவில்லை என்று பொருள். வேறொரு செயலிக்குள்ளேயே திறந்துகொண்ட இணையப் பக்கங்களில் இது அடிக்கடி நடக்கும். செய்தி அனுப்பும் செயலியில் வந்த இணைப்பைத் தொட்டால், அந்தச் செயலி தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு சிறு உலாவியைத் திறக்கிறது. அது சஃபாரி போலத் தெரிந்தாலும் சஃபாரி இல்லை. அதிலிருந்து பக்கத்தைச் சஃபாரியில் திறந்து, அங்கே எடுங்கள்.

அறிகுறி: ஐபேட் ஓஎஸ் 17 அல்லது அதற்கு மேல், இருந்தும் பிடிஎஃப்தான் வருகிறது

இங்கே தவறு பெரும்பாலும் விரல் நுனியில்தான். வரிசையைச் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிறுபடத்தைத் தொடுங்கள். மேலே `Full Page`-ஐத் தொடுங்கள். வலப்பக்கம் முழுப் பக்கத்தின் குட்டி உருவம் நீளமாகத் தெரியும். அது தெரிந்த பிறகு `Done`. இப்போது வரும் பட்டியலில் `Save to Photos` என்றும் `Save PDF to Files` என்றும் இரண்டு இருக்கும். முதலாவதைத் தொட்டால் படம், இரண்டாவதைத் தொட்டால் ஆவணம். பழைய பதிப்பில் ஓராண்டு பழகிய கை தானாக இரண்டாவதற்கே போகிறது. என்னுடைய கையும் அப்படிப் போய்க்கொண்டிருந்ததுதான்.

`Screen` தாவலில் இருந்துகொண்டு `Save to Photos` கொடுத்தால் ஒரு திரை மட்டும்தான் சேரும். "படமாக வந்தது, ஆனால் பாதிதான் இருக்கிறது" என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

மிகப் புதிய பதிப்புகளில் சிறுபடம் வராமல் ஸ்கிரீன்ஷாட் நேரே பெரிதாகத் திறப்பதும் உண்டு. பொத்தானின் தோற்றமும் மாறியிருக்கலாம். `Full Page` தாவலும், அதன்பின் படமா ஆவணமா என்ற தேர்வும் மட்டும் மாறவில்லை.

பதிப்பு 16 அல்லது அதற்குக் கீழ் என்றால் `Save to Photos` வரி முழுப் பக்கத்துக்கு வராது. அமைப்புகளில் எங்கும் அதை வரவழைக்கும் பொத்தான் இல்லை, தேட வேண்டாம். ஐபேட் 17-ஐ ஏற்குமென்றால் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் பிடிஎஃப்பாகச் சேமித்துவிட்டு மாற்றும் வழிக்கு வாருங்கள். அந்தப் பெண்ணின் ஐபேட் 16-இல் நின்றிருந்தது.

அறிகுறி: படிவம் கோப்பை ஏற்க மறுக்கிறது

கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் உங்கள் பிடிஎஃப் மங்கலாகத் தெரிந்து, தொட்டால் எதுவும் நடக்காது. படங்களை மட்டும் ஏற்கும்படி படிவம் எழுதப்பட்டிருப்பதால் வரும் விளைவு இது. கோப்பில் பழுது ஏதும் இல்லை.

இந்த இடத்தில் புத்திசாலிகள் செய்யும் ஒரு காரியம் உண்டு. பெயரின் கடைசியில் இருக்கும் `.pdf`-ஐ அழித்துவிட்டு `.jpg` என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பெண்ணும் எழுதியிருந்தார். பட்டியலில் மங்கல் போய்விடும், தேர்ந்தெடுக்க முடியும், பதிவேற்றமும் நூறு விழுக்காடு வரை ஓடும். அதன்பின் "தவறான கோப்பு" என்று திரும்பி வரும், அல்லது அதைவிட மோசமாக, எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு மறுமுனையில் திறக்காத படமாக நிற்கும்.

பெயர் என்பது வெளியே ஒட்டிய சீட்டு மட்டுமே. உள்ளே இருப்பது என்ன என்பதைக் கோப்பின் முதல் சில எழுத்துகள் சொல்லிவிடும். அவருடைய கோப்பை ஒரு கணினிக்கு அனுப்பிப் பார்த்தேன்:

```
$ head -c 5 padam.jpg
%PDF-
```

உண்மையான ஜேபெக் படத்தில் இந்த இடத்தில் படிக்க முடியாத குறிகள் வந்திருக்கும். இது கொஞ்சமும் வெட்கமில்லாமல் தன்னைப் பிடிஎஃப் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பெயரை மாற்றியிருந்தால் மறுபடி `.pdf` என்று திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்துச் சொல்லும் மாற்றமும் குழம்பலாம். `Files`-இல் பெயரின் வால் தெரியவில்லை என்றால், மேலே உள்ள பட்டியலில் `View Options` என்பதற்குள் `Show All Extensions` இருக்கும்.

பிடிஎஃப்பைப் படமாக மாற்றுதல்

இதற்கென்று ஏதோ ஓர் இணையதளத்தில் உங்கள் ஆவணத்தை ஏற்ற வேண்டாம். பெயர், பதிவு எண், மின்னஞ்சல் எல்லாம் உள்ள பக்கத்தை முன்பின் தெரியாத இடத்தில் கொண்டுபோய் வைப்பதற்கு, படமில்லாமலேயே இருந்துவிடலாம். ஐபேடில் உள்ள `Shortcuts` செயலியே இந்த வேலையைச் செய்யும், அதுவும் இணைய இணைப்பு இல்லாமல்.

`Shortcuts`-ஐத் திறந்து மேலே உள்ள கூட்டல் குறியைத் தொடுங்கள். தேடும் இடத்தில் பெயரைத் தட்டி, கீழ்க்காணும் மூன்று செயல்களையும் இதே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேருங்கள்:

```
Select File
Make Image from PDF Page
Save to Photo Album
```

முதலாவது, எந்தப் பிடிஎஃப் என்று உங்களைக் கேட்கும். இரண்டாவது அதைப் படமாக்கும். மூன்றாவது அந்தப் படத்தை `Photos`-இல் சேர்க்கும். இரண்டாவது செயலின் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டு விரித்தால் பட வகையையும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதையும் மாற்றலாம். வகையை `JPEG` என்று வையுங்கள். புள்ளிகளுக்கு 144 என்று எழுதுங்கள். ஏன் 144 என்பதைக் கீழே சொல்கிறேன், இப்போதைக்கு என்னை நம்புங்கள். ஓட்டிப் பார்த்தால் முதல் முறை படத்தொகுப்பில் சேர்க்க அனுமதி கேட்கும், கொடுங்கள்.

ஒருமுறை செய்து வைத்துவிட்டால் அடுத்த முறை மூன்று தொடுதலில் முடிந்துவிடும்.

அறிகுறி: பிடிஎஃப் ஒன்றுக்கு மேற்பட்ட பக்கமாக வந்திருக்கிறது, படத்தில் பின்பாதி இல்லை

முழுப் பக்கம் ஒரே நீளத் தாளாகத்தான் வரும் என்று சொன்னேன். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பிடிஎஃப் உலகில் தாளின் நீளத்துக்கு 200 அங்குலம் என்று நெடுநாளைய வரம்பு ஒன்று உண்டு. அங்குலத்துக்கு 72 அலகு, ஆக 14,400 அலகு. சஃபாரியின் உள்ளே இருக்கும் வெப்கிட்டும் இந்த வரம்பை மதித்தே வரைகிறது. அதைத் தாண்டும் பக்கத்தை வெட்டி, மிச்சத்தை இரண்டாம் தாளில் தொடர்கிறது.

10.9 அங்குல ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் உயரம் 1180 அலகு. ஆகவே பன்னிரண்டு திரைக்கு மேல் உருட்ட வேண்டியிருக்கும் பக்கம் என்றால் இரண்டாம் தாள் வரும் என்று எதிர்பார்க்கலாம். வெட்டு எங்கே விழும் என்பதை உள்ளடக்கம் தீர்மானிப்பதில்லை, அளவுகோல்தான் தீர்மானிக்கிறது. ஒரு வரியின் தலை முதல் தாளிலும் உடல் இரண்டாம் தாளிலும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி வந்தால், `Select File`-க்கு அடுத்து `Split PDF into Pages` என்ற செயலைச் சேர்த்து, படமாக்கும் செயலையும் சேமிக்கும் செயலையும் `Repeat with Each` என்பதற்குள் இழுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தாளும் தனிப் படமாக வந்து சேரும். கட்டுரை போன்ற பக்கம் என்றால் இன்னொரு குறுக்கு வழி: சஃபாரியின் வாசிப்பு முறைக்கு, அதாவது `Show Reader`-க்கு மாறிவிட்டு எடுங்கள். விளம்பரங்களும் ஓரப் பட்டைகளும் போய்ப் பக்கம் நன்றாகக் குறுகிவிடும்.

அறிகுறி: மாற்றும்போது செயல் பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது படம் மங்கலாக வருகிறது

இவை இரண்டும் ஒரே எண்ணின் இரண்டு முனைகள். அந்தப் பெண்ணின் கோப்பையே எடுத்துக் கணக்குப் போடுவோம். அகலம் 820 அலகு, உயரம் ஏறத்தாழ 9000 அலகு.

பிடிஎஃப்பில் அங்குலத்துக்கு 72 அலகு என்பதால், 72 புள்ளி என்று வைத்து மாற்றினால் ஓர் அலகுக்கு ஒரு புள்ளி. படம் 820 × 9000. இது பார்க்க மங்கலாகத்தான் இருக்கும். ஏனென்றால் ஐபேடின் திரை ஓர் அலகை அகலத்தில் இரண்டு புள்ளியாகவும் உயரத்தில் இரண்டு புள்ளியாகவும் காட்டுகிறது. கண் பழகியிருப்பது அந்தக் கூர்மைக்கு. சிறிய எழுத்தில் ஒற்றுப் புள்ளியும் கொம்பின் சுழியும்தான் முதலில் கரையும்.

144 என்று வைத்தால் அலகுக்கு இரண்டு புள்ளி. படம் 1640 × 18,000. ஐபேடின் திரையும் சரியாக 1640 புள்ளி அகலம்தான். அதாவது, சாதாரண ஸ்கிரீன்ஷாட்டின் கூர்மை அப்படியே கிடைக்கிறது. இதற்கு மேல் போவதில் எழுத்துக்கு லாபம் கொஞ்சம். பக்கத்தில் உள்ள புகைப்படங்களுக்கோ ஒரு லாபமும் இல்லை, அவை இணையத்திலிருந்து வந்த அளவில்தான் இருக்கும்.

300 என்று வைத்தால் என்ன ஆகும்? அச்சுக்கு 300 வேண்டும் என்று எங்கோ கேட்ட நினைவில் பலரும் வைப்பது இதுதான். படம் ஏறக்குறைய 3417 × 37,500. பெருக்கினால் 12 கோடியே 80 லட்சம் புள்ளிகளுக்கு மேல். சுருக்கிச் சேமிப்பதற்கு முன் நினைவகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் இடம் வேண்டும். மொத்தம் 51 கோடி பைட், அதாவது 500 எம்பியைத் தாண்டிவிடுகிறது. 144-இல் இதே கணக்கு 118 எம்பியில் முடிந்துவிடும். ஒரு செயலி இவ்வளவு நினைவகத்தை ஒரே மூச்சில் கேட்டால் ஐபேட் அதைக் கேள்வி கேட்காமல் நிறுத்திவிடக்கூடும். அவருடைய முதல் முயற்சி 300-இல் ஓடியது, பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் நின்றது. 144 என்று மாற்றினோம், சிக்கலில்லாமல் படம் வந்தது.

ஆகவே நின்றுவிட்டால் எண்ணைக் குறையுங்கள், மங்கினால் கூட்டுங்கள், 144-இலிருந்து தொடங்குங்கள். ஜேபெக் படத்துக்கு எந்தப் பக்கமும் 65,535 புள்ளியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. 144-இல் 14,400 அலகுத் தாள்கூட 28,800 புள்ளியோடு நின்றுவிடுவதால் அதைப் பற்றிக் கவலையில்லை.

படிவம் கோப்பின் எடைக்கும் வரம்பு வைத்திருந்தால், சேமிக்கும் செயலுக்கு முன் `Convert Image` என்ற செயலைச் சேர்த்து, `JPEG`-க்கான தரத்தைச் சற்றுக் குறையுங்கள். புள்ளிகளைக் குறைப்பதைவிடத் தரத்தைக் குறைப்பது எழுத்தைக் குறைவாகக் கெடுக்கிறது.

அறிகுறி: படம் சரியாக வந்தது, அனுப்பியதும் நூல் போல ஆகிவிட்டது

செய்தி அனுப்பும் செயலிகள் பலவும் படத்தின் நீளமான பக்கத்துக்கு ஓர் உச்ச அளவு வைத்துச் சுருக்குகின்றன. உதாரணத்துக்கு அந்த உச்சம் 1600 என்று கொள்வோம். 18,000 உயரத்தை 1600-க்குள் அடக்கும்போது 1640 அகலம் 146 புள்ளியாகிறது. பிறகு எந்தக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாது. படிவங்களும் இதே வேலையைச் செய்யலாம்.

ஆவணமாக அனுப்பும் வசதி இருந்தால் படத்தையே கோப்பாக இணைத்து அனுப்பலாம். அப்படி அனுப்பினால் பொதுவாகச் சுருக்க மாட்டார்கள். அந்த வசதி இல்லாதபோது படத்தைத் துண்டாக்க வேண்டும். `Shortcuts`-இல் `Crop Image` என்ற செயல் இருக்கிறது. அதில் இடத்தை `Custom` என்று வைத்து, அகலம் 1640, உயரம் 3700 கொடுத்து, தொடங்கும் புள்ளியை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்:

```
X = 0
Y = 0, 3600, 7200, 10800, 14400
```

நகர்வது 3600, வெட்டுவது 3700. அந்த 100 புள்ளி மிச்சம் வேண்டுமென்றே வைத்தது. ஒரு துண்டின் கடைசி வரி அடுத்த துண்டின் முதல் வரியாக மறுபடி வந்தால், வெட்டில் சிக்கிய வரி எதுவும் தொலையாது. ஐந்தாவது துண்டுக்கு மட்டும் உயரம் 3600. அதற்குக் கீழே படம் முடிந்துவிடுகிறது. இரண்டு மூன்று துண்டு போதும் என்றால் இவ்வளவு சிரமம் வேண்டாம். `Photos`-இல் படத்தை `Duplicate` செய்து, ஒவ்வொரு பிரதியையும் கையால் வெட்டிக்கொள்ளலாம்.

அறிகுறி: நடுவில் வெற்றுச் சதுரங்கள், அல்லது பட்டியலின் பாதி மட்டும்

இது மாற்றத்தில் வந்த குறை இல்லை, எடுத்தபோதே வந்தது. பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தாலும் அதே ஓட்டை இருக்கும். பல பக்கங்கள், நீங்கள் உருட்டி அருகே போகும்போதுதான் அங்குள்ள படங்களை இணையத்திலிருந்து இறக்குகின்றன. நீங்கள் போகாத இடத்தில் படமும் வந்திருக்காது. எடுப்பதற்கு முன் கடைசி வரை நிதானமாக உருட்டிவிட்டு, மேலே திரும்பி வந்து எடுங்கள். மேலே திரும்புவதில் இன்னொரு நன்மை: திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டே வரும் தலைப்புப் பட்டை, பக்கத்தின் நடுவில் எழுத்தை மறைத்தபடி பதிவாகும் வாய்ப்பு குறைகிறது.

பாதிப் பட்டியல் வேறு கதை. பக்கத்துக்குள் தனியே உருளும் ஒரு பெட்டி இருந்தால், சஃபாரி அந்தப் பெட்டியை இப்போது தெரிகிற நிலையிலேயே வரைகிறது. முழுப் பக்கம் என்பது அதற்கு வெளிப்பக்கம் மட்டும்தான். பெட்டிக்குள் விரலை வைத்தால் பெட்டி மட்டும் நகர்ந்து, சுற்றியுள்ளவை அசையாமல் இருந்தால் இதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தப் பகுதியைத் தனிப் பக்கமாகத் திறக்கும் இணைப்பு ஏதும் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டியை உருட்டி உருட்டிச் சாதாரண ஸ்கிரீன்ஷாட்டாகவே எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிடிஎஃப்பை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடலாமா

படம் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே அழித்துவிடாதீர்கள். பிடிஎஃப்பில் எழுத்தைத் தேடலாம், தேர்ந்தெடுக்கலாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. தமிழ்ப் பக்கமாக இருந்தால் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி வரலாம். படிக்கவும் அச்சிடவும் அதனால் தொல்லை இல்லை. படத்திலிருந்து பிடிஎஃப்புக்குத் திரும்பினால் கிடைப்பது, தாளில் ஒட்டிய படம் மட்டுமே. தொலைந்த எழுத்து திரும்பி வராது.

அந்தப் பெண் 144-இல் எடுத்த படத்தை முதலில் முழுதாகவே இணைத்தார். படிவம் ஏற்றுக்கொண்டது. இணைத்ததைப் படிவத்திலேயே திறந்து பார்க்கச் சொன்னேன். விரலை வைத்துப் பெரிதாக்கியபோது பாடங்களின் பெயர்கள் எல்லாம் சாம்பல் கோடுகளாக இருந்தன. படிவம் சுருக்கியிருந்தது. அதை நீக்கிவிட்டு ஐந்து துண்டுகளையும் வரிசை எண் போட்டு இணைத்தார். மறுபடி திறந்து, கடைசித் துண்டின் கடைசி வரியில் இருந்த தேதியை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "அனுப்பிவிடட்டுமா அண்ணா?" என்றார்.